டிவிக்கு வைஃபை எட்டவில்லையா? 2.4-ஆ 5-ஆ என்று அளந்து முடிவெடுங்கள்

ராத்திரி எட்டு மணிக்கு மேல் படம் போட்டால் திரை நடுவில் வட்டம் சுற்றுகிறது. அதே வீட்டில், அதே நேரத்தில், மொபைலில் எல்லாம் தடையில்லாமல் ஓடுகிறது. கம்பெனிக்கு போன் செய்தால் "லைன் சரியாகத்தான் சார் இருக்கு, டிவியை 5G-ல போடுங்க" என்கிறார்கள். போட்டால் முதலில் பளிச்சென்று ஓடிவிட்டுப் பிறகு முன்பைவிட மோசமாக நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் "5G தூரம் போகாது, 2.4-லேயே விடுங்க" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் ஒரு வீட்டில் சரி, இன்னொரு வீட்டில் தப்பு. உங்கள் வீட்டில் எது சரி என்பதை டிவி இருக்கும் இடத்தில் அளந்து பார்த்தால்தான் சொல்ல முடியும். அளப்பதற்குக் கையில் இருக்கும் மொபைலே போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரூட்டரில் தெரியும் 5G என்பதற்கும் மொபைல் சிம்மில் வரும் 5G-க்கும் சம்பந்தம் இல்லை. இது 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. மற்றது 2.4 ஜிகாஹெர்ட்ஸ். இப்போது வீட்டுக்கு வரும் ரூட்டர்களில் பெரும்பாலானவை இரண்டையும் ஒரே நேரத்தில் ஒலிபரப்புகின்றன.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்

பக்கத்துத் தெருவில் திருவிழா நடந்தால், சன்னலைச் சாத்திய பிறகும் தவில் அடி வீட்டுக்குள் வந்துவிடும். நாதஸ்வரத்தின் மேல்சுரம் வாசலோடு மங்கிவிடும். தாழ்ந்த அதிர்வு சுவரைத் தாண்டுகிறது, உயர்ந்த அதிர்வு சுவரில் கரைகிறது. வைஃபையிலும் ஏறக்குறைய இதுதான். 2.4 சுவர் தாண்டிப் போகும். 5, செங்கல் சுவரிலும் கான்கிரீட்டிலும் அதைவிட அதிகமாக இழக்கும்.

அப்படியென்றால் 5 எதற்கு? 2.4-இல் இடம் குறைவு. ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் அதில் மூன்று தடங்கள்தான் கிடைக்கும்: 1, 6, 11 என்ற சேனல்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல், கீழ், எதிர் என்று எல்லா வீட்டு ரூட்டர்களும் அந்த மூன்றுக்குள்தான் முறைபோட்டுப் பேச வேண்டும். புளூடூத் ஹெட்போன், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே பகுதியில்தான் இருக்கின்றன. 2.4 தூரம் போகிறது என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு: பக்கத்து வீட்டு 2.4-உம் உங்கள் வீட்டுக்குள் வருகிறது. 5-இல் தடங்கள் நிறைய, அகலமும் அதிகம். பக்கத்து வீட்டு 5 பெரும்பாலும் அவர்கள் சுவரிலேயே நின்றுவிடும்.

டிவி வாங்கியவர்கள் ஏமாறும் இடமும் இதுதான். திரையில் தெரியும் வைஃபை கோடுகள் சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்று மட்டும்தான் காட்டும். அந்தத் தடத்தில் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று காட்டாது. 2.4-இல் கோடுகள் முழுவதும் நிரம்பியிருந்தும் படம் நிற்பது அதனால்தான்.

டிவிக்கு எவ்வளவு வேகம் வேண்டும்

நாம் நினைப்பதைவிடக் குறைவு. நெட்ஃபிளிக்ஸ் முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் போதும் என்கிறது. யூடியூப் 4கே வீடியோவுக்கு 20 சொல்கிறது. அதனால் 100 எம்பிபிஎஸ் இணைப்பு எடுத்தவர் டிவியிலும் 100 வர வேண்டும் என்று மெனக்கெட வேண்டாம். 25 எம்பிபிஎஸ் விடாமல் வந்தால் போதும். "விடாமல்" என்பதுதான் முக்கியம். ஒரு நிமிடம் 80, அடுத்த நிமிடம் 2 என்று குதிக்கும் இணைப்பைவிட, எப்போதும் 20 கொடுக்கும் இணைப்பு டிவிக்கு நல்லது.

முதல் வேலை: கோளாறு வைஃபையில்தானா?

மொபைலை ரூட்டருக்குப் பக்கத்தில் எடுத்துப் போங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் இணைந்து fast.com திறந்து வேகம் பாருங்கள். படம் நிற்கும் அதே நேரத்தில், அதாவது ராத்திரியில், இதைச் செய்ய வேண்டும். காலையில் பார்த்தால் எல்லா வீட்டிலும் நன்றாகத்தான் இருக்கும். ரூட்டர் பக்கத்திலேயே வேகம் விழுந்திருந்தால் பிரச்சினை உள்ளே வரும் லைனில் இருக்கிறது. அதற்கு அலைவரிசையை மாற்றிப் பயனில்லை, கம்பெனியிடம்தான் சண்டை போட வேண்டும். அங்கே வேகம் சரியாக இருந்து டிவி பக்கத்தில் மட்டும் விழுந்தால் தொடர்ந்து படியுங்கள்.

டிவியிலேயே வேகம் பார்க்கவும் வழி உண்டு. டிவியின் நெட்ஃபிளிக்ஸ் ஆப்பில் `Get Help` உள்ளே `Check your network` இருக்கும். யூடியூப் ஆப்பில் வீடியோ ஓடும்போது அமைப்புகளில் `Stats for nerds` போட்டால் `Connection Speed`, `Buffer Health` என்ற வரிகள் தெரியும். இரண்டாவது வரி, எத்தனை விநாடிப் படம் முன்கூட்டியே இறங்கிச் சேர்ந்திருக்கிறது என்று சொல்லும். அந்த எண் மெல்ல மெல்லக் கரைந்து சுழியத்தை நெருங்கினால் அடுத்து வட்டம் சுற்றப்போகிறது என்று அர்த்தம்.

இரண்டாவது: உங்கள் டிவிக்கு 5 தெரியுமா?

விலை குறைந்த ஸ்மார்ட் டிவிகள் சிலவற்றிலும், டிவியில் செருகும் பழைய ஸ்டிக்குகள் சிலவற்றிலும் 2.4 மட்டுமே இருக்கும். டிவியின் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். மொபைலில் தெரியும் 5G பெயர் டிவி பட்டியலில் இல்லவே இல்லையென்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, டிவிக்கு அந்த அலைவரிசையே கிடையாது. மற்றொன்று, ரூட்டர் ஒலிபரப்பும் சேனல் எண்ணை அந்த டிவி ஏற்கவில்லை. இரண்டாவதைச் சரிசெய்யலாம், அது எப்படி என்று கீழே வருகிறது. டிவி டப்பாவிலோ விவரப் பக்கத்திலோ `802.11ac` அல்லது `Dual band` என்று இருந்தால் டிவிக்கு 5 தெரியும். வெறும் `802.11 b/g/n` என்று இருந்தால் பெரும்பாலும் தெரியாது.

மூன்றாவது: இரண்டு பெயரையும் பிரியுங்கள்

பல ரூட்டர்கள் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயரைக் கொடுத்து, எதில் சேர்வது என்பதைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன. மொபைலுக்கு இது வசதி, ஏனென்றால் மொபைல் நடமாடுகிறது. டிவி சுவரில் ஆணியடித்து மாட்டிய பொருள். அது எதில் இருக்கிறது என்பது நமக்குத் தெரிய வேண்டும், நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் ஒரு முகவரி இருக்கும்: `192.168.1.1` அல்லது `192.168.29.1` போன்றது. வைஃபையில் இணைந்திருக்கும் மொபைலின் பிரவுசரில் அதை அடித்தால் ரூட்டர் பக்கம் திறக்கும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பெரும்பாலும் அதே தாளில் இருக்கும். உள்ளே வயர்லெஸ் பகுதியில் `Smart Connect` அல்லது `Band Steering` என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள். பிறகு 2.4-க்கு ஒரு பெயர், 5-க்கு இன்னொரு பெயர் கொடுங்கள். 2.4-க்கு ஏற்கெனவே இருக்கும் பெயரையே விட்டுவிட்டு 5-க்கு மட்டும் பெயரின் பின்னால் `_5G` சேர்ப்பது நல்லது. அப்போது வீட்டில் உள்ள கேமரா, ஸ்மார்ட் பல்பு போன்றவற்றை மறுபடி இணைக்க வேண்டியிருக்காது. இரண்டுக்கும் ஒரே கடவுச்சொல் வைக்கலாம்.

மொபைல் ஒன்றிலும் டிவி மற்றொன்றிலும் இருந்தால் மொபைலிலிருந்து டிவிக்கு வீடியோ அனுப்ப முடியாதோ என்று சிலர் பயப்படுவார்கள். இரண்டும் ஒரே ரூட்டரின் வழக்கமான பெயர்களாக இருந்தால் அனுப்பலாம். `Guest` என்று விருந்தினருக்காக வைத்த பெயரில் டிவியைப் போட்டால்தான் அது வேலை செய்யாது.

நான்காவது: டிவி பின்னால் அளங்கள்

ஆண்ட்ராய்டு மொபைலில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசமாகவே நிறைய இருக்கின்றன. ஐபோனில் ஆப்பிளின் `AirPort Utility` ஆப்பை நிறுவி, போன் அமைப்புகளில் அதற்குரிய பக்கத்தில் `Wi-Fi Scanner` என்பதை இயக்கினால் இதே விவரம் கிடைக்கும்.

சிக்னல் பலத்தை இந்த ஆப்கள் டிபிஎம் என்ற அளவில் கழித்தல் குறியோடு காட்டும். சுழியத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. -50 என்றால் ரூட்டர் கிட்டத்தில் இருக்கிறது. -65 நல்லது. -75 தடுமாறும். -85 இருந்தும் இல்லாததும் ஒன்று. 10 எண் இறங்கினால் வந்து சேரும் திறன் பத்தில் ஒன்றாகிவிடும் என்பதால், -65-க்கும் -75-க்கும் உள்ள இடைவெளி பார்ப்பதற்குச் சின்னதாகத் தெரிந்தாலும் உண்மையில் பெரியது.

மொபைலை சோபாவில் உட்கார்ந்து பிடித்து அளக்காதீர்கள். டிவியின் வைஃபை ஆண்டெனா டிவிக்குள் இருக்கிறது; முன்னால் பேனல், பின்னால் சுவர் என்று இடுக்கில் மாட்டியிருக்கிறது. மொபைலையும் அந்த இடுக்கில், டிவியின் முதுகை ஒட்டி வைத்து, கொஞ்ச நேரம் விட்டு எண்ணைப் பாருங்கள். 2.4-க்கு ஒரு எண், 5-க்கு ஒரு எண் என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சோபாவில் -62 காட்டிய 5, டிவி பின்னால் -70 காட்டுவது சாதாரணம்.

ஐந்தாவது: முடிவெடுப்பது

நான் பின்பற்றும் கணக்கு இது. டிவி பின்னால் 5-இன் எண் -65 அல்லது அதைவிட நல்லதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், டிவியை 5-இல் போடுங்கள். -75 அல்லது அதைவிட மோசமாக இருந்தால் 5-ஐ இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முதலில் பளிச்சென்று ஓடி, பிறகு யாராவது கதவைச் சாத்தியதும் நிற்கும் கதை இந்த எண்ணில்தான் நடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் ராத்திரி நேரத்தில் இரண்டிலும் மாறி மாறி ஒரு 4கே வீடியோ ஓட்டி, `Buffer Health` எதில் கரையாமல் இருக்கிறது என்று பாருங்கள். அதிகபட்ச வேகம் எதில் என்று பார்க்காதீர்கள். மிகக் குறைந்த வேகம் எதில் அதிகமாக இருக்கிறது என்று பாருங்கள்.

தேர்ந்தெடுத்த பிறகு மற்ற பெயரை டிவியில் `Forget` கொடுத்து நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் கரண்ட் போய் வந்ததும் டிவி தன்னிஷ்டத்துக்குப் பழைய பெயரில் ஏறிக்கொள்ளும். நீங்கள் 5-இல் இருப்பதாக நினைத்துக்கொண்டே 2.4-இல் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

2.4-இல் இருக்கப் போகிறீர்கள் என்றால்

அனலைசர் ஆப்பில் 2.4-க்கான வரைபடத்தைத் திறந்தால் பக்கத்து வீடுகளின் வளைவுகள் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரியும். 1, 6, 11 மூன்றில் எதில் கூட்டம் குறைவு, அதிலும் எதில் பலமான அண்டை வீடு இல்லை என்று பாருங்கள். ரூட்டர் பக்கத்தில் 2.4-இன் `Channel` என்பதை `Auto`-விலிருந்து எடுத்து அந்த எண்ணில் நிறுத்துங்கள். 3, 4, 8, 9 போன்ற நடு எண்கள் காலியாகத் தெரிந்தாலும் அங்கே போகாதீர்கள். காரணம், ஒரு சேனல் தன் எண்ணோடு நிற்பதில்லை, இரண்டு பக்கமும் பரவுகிறது. 1-உம் 6-உம் பேசும் இடத்துக்கு நடுவில் 4-இல் போய் உட்கார்ந்தால் இரண்டு கூட்டத்தின் இரைச்சலும் உங்கள் தலையில் விழும், அவர்களுக்கும் தொல்லை.

`Channel Width` என்பதை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 40 வைத்தால் வேகம் இரட்டிப்பாகும் என்று எழுதியிருக்கும். தனி வீட்டில், சுற்றிலும் தோட்டம் இருந்தால் ஆகலாம். குடியிருப்பில் அது இருக்கிற மூன்று தடத்தில் இரண்டைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வரிசையிலும் காத்திருக்கும். ஒரே ஆண்டெனா உள்ள டிவி 20 மெகாஹெர்ட்ஸில் அதிகபட்சம் 72 எம்பிபிஎஸ் என்று இணையும். கைக்கு வருவது நல்ல சூழலில் அதில் பாதி. அந்தப் பாதியே 4கே-வுக்குப் போதும் என்று மேலே பார்த்தோம்.

டிவியில் யூஎஸ்பி 3 வகை ஹார்ட் டிஸ்க் அல்லது பென்டிரைவ் செருகியிருந்தால், கழற்றிவிட்டு ஒருமுறை சோதியுங்கள். அந்த வகை இணைப்பிலிருந்து வரும் இரைச்சல் 2.4 பகுதியில் விழுவது தெரிந்த விஷயம். ஸ்டிக்குக்கும் அதற்கும் நடுவே இடைவெளி வேண்டும்.

5-இல் இருக்கப் போகிறீர்கள் என்றால்

இங்கே சேனல் எண்ணில் ஒரு சூட்சுமம் உண்டு. 36, 40, 44, 48 ஆகிய நான்கு எண்களையும் ஏறக்குறைய எல்லா டிவியும் ஏற்கும். 52 முதல் 144 வரையிலான எண்கள் வானிலை ராடார் போன்றவற்றோடு பகிர்ந்துகொள்ளும் பகுதி. ரூட்டர் அந்தத் தடத்தில் ஏறும் முன் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். நடுவில் ராடார் இருப்பதாகத் தோன்றினால் உடனே தடத்தை விட்டு வெளியேற வேண்டும். அப்போது டிவி துண்டிக்கப்படும். சில டிவிகளும் ஸ்டிக்குகளும் இந்த எண்களை எட்டிப் பார்ப்பதே இல்லை. `Auto`-வில் விட்ட ரூட்டர் இங்கே வந்து உட்கார்ந்தால் "நேற்று வரை தெரிந்த 5G பெயர் இன்று டிவியில் காணோம்" என்ற புகார் வரும்.

அதனால் `Auto`-வை எடுத்துவிட்டு 36 வைத்துப் பாருங்கள். அடுத்து 149 வைத்து, டிவி பின்னால் மறுபடி அளங்கள். பல ரூட்டர்கள் 149-இல் இன்னும் பலமாக ஒலிபரப்பும். அப்படியானால் எண்ணில் சில புள்ளி முன்னேற்றம் தெரியும். வேறு நாட்டுச் சந்தைக்காகத் தயாரித்து ஊருக்கு வரும்போது கொண்டுவந்த டிவிகளில் சில 149-ஐ ஏற்காது. பெயர் மறைந்துவிட்டால் 36-க்கே திரும்புங்கள்.

அகலத்தில் 80 என்று இருக்கும். எண் -70 பக்கத்தில் தடுமாறினால் அதை 40 ஆக்கிப் பாருங்கள். அதிகபட்ச வேகம் குறையும், ஆனால் பலவீனமான இடத்தில் பிடிப்பு கொஞ்சம் கூடும். டிவிக்கு வேண்டியது பிடிப்புதான்.

ஒரு வீட்டுக் கணக்கு

குரோம்பேட்டையில் சித்தப்பா வீடு. முதல் மாடி, இரண்டு படுக்கையறை. ஃபைபர் கேபிள் ஏசி பைப் ஓட்டை வழியாக முன் படுக்கையறைக்குள் வந்ததால் ரூட்டரும் அங்கேயே, இரும்பு பீரோவுக்குப் பின்னால், பிளக் பாயின்ட் பக்கத்தில் தரையில் இருந்தது. டிவி ஹாலின் மறுகோடியில். நேர்க்கோட்டில் 25 அடிதான். ஆனால் நடுவில் பீரோ, ஒரு ஒன்பது அங்குலச் சுவர், ஒரு நாலரை அங்குலச் சுவர்.

இணைப்பு 100 எம்பிபிஎஸ். ரூட்டர் பக்கத்தில் ராத்திரி அளந்தபோது 96 வந்தது, லைனில் குற்றமில்லை. டிவி பின்னால் 2.4-இல் -55, 5-இல் -77. டிவியில் வேகம் பார்த்தால் 2.4-இல் காலையில் 35, ராத்திரியில் 8 முதல் 11 வரை. 5-இல் ஒருமுறை 25, உடனே 4, பிறகு நின்றேவிட்டது. சித்தப்பாவுக்குக் குழப்பம்: "கோடு முழுசா இருக்கிறதுல வேகம் இல்ல, வேகமா இருக்கிறதுல கோடு இல்ல. அப்ப எதுலடா போடுறது?"

இரண்டு எண்களும் இரண்டு வேறு நோய்களைச் சொல்கின்றன. 2.4-இன் -55 நல்ல பலம். காலையில் 35 வந்து ராத்திரியில் 8 ஆகிறது என்றால் அது தூரத்தின் குற்றம் இல்லை, கூட்டத்தின் குற்றம். 5-இன் -77 பலமே இல்லை. அது சுவரின் குற்றம், அதிலும் பீரோவின் குற்றம். கூட்டத்துக்கு மருந்து சேனல், சுவருக்கு மருந்து ரூட்டர் இருக்கும் இடம்.

முதலில் காசில்லாத சேனல் வேலை. 2.4 `Auto`-வில் 9-ஆம் எண்ணில் 40 அகலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 6-இலும் 11-இலும் பக்கத்து வீடுகள் பலமாக நின்றன. 1-இல் தூரத்து வீடுகள் மட்டும், எல்லாம் -80-க்குக் கீழே. 1-க்கு மாற்றி அகலத்தை 20 ஆக்கினோம். அன்று ராத்திரி டிவியில் 22 முதல் 28 வரை வந்தது. எச்டி நிற்கவே இல்லை, 4கே எப்போதாவது தரம் இறங்கியது. இதோடு நிறுத்தியிருந்தாலும் அவர்களுக்குப் போதும்.

ஆனால் ரூட்டரைப் பீரோவுக்குப் பின்னால் விட்டுவர மனம் ஒப்பவில்லை. கேபிள் போட்டவர் சுருட்டி வைத்திருந்த மிச்ச ஃபைபர் கொஞ்சம் இருந்தது. ஆறடி நகர்த்தி, ஹாலுக்குத் திறக்கும் கதவுக்கு மேலே லாஃப்டின் ஓரத்தில் ரூட்டரை வைத்தோம். இரும்பு வழியிலிருந்து போய்விட்டது, பெரிய சுவரையும் கதவுத் திறப்பின் வழியாக அலை பாதி சுற்றிவந்துவிட்டது. டிவி பின்னால் 5-இன் எண் -66. அந்த அலைவரிசையில் போட்டதும் ராத்திரியில் 70 எம்பிபிஎஸ் அசையாமல் நின்றது. டிவியில் 2.4 பெயரை நீக்கினோம். வாசல் கேமராவும் சமையலறையில் சித்தி பாட்டுக் கேட்கும் பழைய மொபைலும் 2.4-இலேயே இருக்கின்றன, அவற்றுக்கு அதுதான் சரி.

ஃபைபரை நகர்த்தும்போது இரண்டு எச்சரிக்கை. அது செப்புக் கம்பி இல்லை, உள்ளே கண்ணாடி இழை. மடித்து ஆணியில் சுற்றினால் ஒளி கசியும், முறிந்தும் போகும். வளைவு ஒரு டம்ளர் வாய் அளவுக்குக் குறையக் கூடாது. கழற்றிய முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவும் கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கும். மிச்சக் கேபிள் இல்லையென்றால் கம்பெனி ஆளை வரச்சொல்லி நகர்த்துவதே நல்லது.

எதுவும் எட்டாத வீடுகள்

ரூட்டர் மேல் மாடியிலும் டிவி கீழேயும் இருந்தால் நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம். அங்கே 5 பெரும்பாலும் தோற்றுவிடும், 2.4-உம் சில வீடுகளில் -75-ஐத் தொடும். இதற்குச் சிறந்த வழி அழகில்லாத வழிதான்: ரூட்டரிலிருந்து டிவிக்கு லேன் கேபிள். கேட்-5இ அல்லது கேட்-6 கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். பழைய கேபிள் டிவி ஒயருக்காகச் சுவருக்குள் போட்ட பைப் இருந்தால் அதிலேயே இழுத்துவிடலாம். பல டிவிகளின் லேன் துளை 100 எம்பிபிஎஸ் வரைதான் போகும். அது குறை என்று சிலர் சொல்வார்கள். 20 கேட்கும் படத்துக்கு அசையாத 90 கிடைக்கும்போது அதைக் குறை என்று நான் சொல்ல மாட்டேன்.

டிவியோடு ஸ்டிக் பயன்படுத்துபவர்கள் அதற்கு முன்னால் ஒன்று செய்து பார்க்கலாம். டப்பாவில் ஒரு குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு கேபிள் வந்திருக்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை. அதைப் பொருத்தினால் ஸ்டிக், பேனலின் முதுகிலிருந்து கொஞ்சம் வெளியே தொங்கும். எல்லையில் இருக்கும் இணைப்புக்கு அந்தச் சில அங்குலமே போதுமாக இருக்கலாம்.

ரிப்பீட்டர் வாங்கினால் அதை டிவி பக்கத்தில் செருகாதீர்கள். அங்கே வரும் பலவீனமான சிக்னலைத்தான் அது மறுபடி ஒலிபரப்பும். டிவியில் கோடு நிறையும், வேகம் வராது. ரூட்டருக்கும் டிவிக்கும் நடுவில், ரூட்டரின் சிக்னல் -60 பக்கத்தில் கிடைக்கும் இடத்தில் செருக வேண்டும். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே கொடுக்கும் மலிவு ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கும், ஏனென்றால் ஒவ்வொரு துணுக்கையும் அது இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது. வாங்குவதென்றால் இரண்டு அலைவரிசையும் உள்ளதாக வாங்குங்கள். அதிலும் லேன் துளை இருந்தால், அதிலிருந்து ஒரு சின்ன கேபிளில் டிவியைக் கோத்துவிடலாம்.

இவ்வளவும் செய்த பிறகு, டிவி 2.4-இல் இருக்கிறதென்றால் பக்கத்தில் புதிதாகக் குடிவந்தவர்கள் இணைப்பு எடுக்கும்போது சேனல் கூட்டத்தை மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கும். 5-இல் இருக்கிறதென்றால் அந்த வேலை அபூர்வம். பீரோவை இடம் மாற்றும்போது மட்டும் டிவி பின்னால் மொபைலை வைத்து எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.